முன்பின் தெரியாதவரின் புகைப்படத்தைப் பார்த்துக் கதாபாத்திரத்துக்கு முகம் எழுதுவது எப்படி?

நெய்தல்கனி | பிப்ரவரி 6, இரவு 10.12

நாவலில் ஒரு பாத்திரம். பெயர் மாரிக்கனி, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை, காலம் 1980களின் நடுப்பகுதி. நாற்பது வயது இருக்கும். ஆளைப் பற்றி எல்லாம் தெரியும், முகம் மட்டும் பிடிபடவில்லை. போன வாரம் ஒரு கண்காட்சியில் ஒரு பெண்ணின் படம் பார்த்தேன். கீழே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இவர்தான் மாரிக்கனி என்று தோன்றிவிட்டது. படத்தைச் செல்பேசியில் எடுத்துக்கொண்டு வந்து இப்படி எழுதினேன்:

"நீள முகம். ஒடுங்கிய கன்னம். கூரிய மூக்கு. மெல்லிய உதடு, மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. கறுத்த நிறம். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரம்."

படித்த நண்பர், "காணவில்லை விளம்பரமா?" என்றார். சரி என்று மாற்றினேன்: "காலம் உழுதுபோட்ட நிலம் போன்ற முகம். கண்களில் ஆழம் காணமுடியாத சோகம்." அதற்கு, "இதில் முகமே இல்லையே" என்கிறார்.

இரண்டுக்கும் நடுவில் எப்படி எழுதுவது? படத்தை இங்கே போடப்போவதில்லை. அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

குமார் 77 | பிப்ரவரி 6, இரவு 10.40

அட்டையில் போடுவதாக இருந்தால் படம் எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என் தம்பி கல்யாண மண்டப நோட்டீஸுக்கு நெட்டில் இருந்து ஒரு படம் எடுத்துப் போட்டு, பெண்ணின் மாமா நேராக மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

நெய்தல்கனி | பிப்ரவரி 6, இரவு 10.44

அட்டை இல்லை அண்ணே. எழுத்தில் வருணிப்பது.

அங்கமச்சம் | பிப்ரவரி 7, காலை 7.05

உங்கள் முதல் பத்தியே சரியான பாதை, இன்னும் விவரம் போதாது அவ்வளவுதான். 1880களில் பாரிஸ் போலீஸில் பெர்த்தியோன் என்பவர் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார். கைதியின் நெற்றிச் சாய்வு, மூக்குத் தண்டின் வளைவு, காது மடல் என்று ஒவ்வொன்றுக்கும் வகை பிரித்து, படம் கையில் இல்லாவிட்டாலும் சொற்களை வைத்தே ஆளைப் பிடிக்கிற மாதிரி செய்தார். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சம் எழுதுகிறார்களே, அதே குடும்பம்தான். நீங்கள் காதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. காதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 7, காலை 11.30

கும்பகோணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவன். எழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா, முதலில் உயரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? மார்பளவுப் படத்தில் உயரம் தெரியாது. பக்கத்தில் கதவோ நாற்காலியோ இருந்தால்தான் ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்தது மூக்கு. கேமரா எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து முகமே மாறும். ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடியில் எடுத்ததைவிட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018ல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். செல்ஃபி பார்த்துவிட்டு மூக்கைச் சரிசெய்யச் சொல்லி வருகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு. கிட்டத்தில் எடுத்தால் காது பின்னுக்குப் போய் முகம் நீண்டு ஒடுங்கும். தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் கன்னம் அகலும். உங்கள் படத்தில் காது தெரிகிறதா, எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். காது ஒளிந்திருந்தால் "நீள முகம்" என்பது பாதி கேமராவின் வேலை.

பிறகு கண். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், வெளிச்சத்தின் பிரதிபலிப்பு அது. மேல்பக்கம் இருந்தால் வெளிச்சம் மேலிருந்து வந்தது. புள்ளியே இல்லாமல் கண்குழி இருட்டாக இருந்தால் உச்சி வெயிலில் எடுத்திருப்பார்கள். புருவத்து நிழல் கண்ணுக்குள் விழும். அதைத்தான் எல்லோரும் சோகம் என்கிறார்கள்.

நெய்தல்கனி | பிப்ரவரி 7, மதியம் 1.15

உயரம் நானே போட்டது ஐயா, கதையில் ஒரு இடத்தில் அவருக்குப் பரண் எட்டக்கூடாது. காது பாதிதான் தெரிகிறது. கண்ணில் வெள்ளைப் புள்ளி இல்லை!

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 7, மதியம் 1.50

அப்போ சோகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நிறமும் அப்படித்தான். கறுப்புவெள்ளையா, வண்ணமா? கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததைச் செல்பேசியில் எடுத்திருந்தால் நிறம் இரண்டு தடவை மாறியிருக்கும். மிகப் பழைய தகட்டில் எடுத்த படமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீலம்தான் தெரியும், சிவப்பும் பழுப்பும் கறுப்பாகவே விழும். நம் தாத்தாக்கள் எல்லாரும் படத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாகக் கறுத்திருப்பது அதனால்தான். அதைச் சரிக்கட்ட நாங்கள் நெகட்டிவ் மேல் பென்சில் பிடிப்போம். ஈயம் படுகிற இடம் பிரிண்டில் வெளுக்கும். பருவும் சுருக்கமும் அம்மைத் தழும்பும் இருந்த இடம் தெரியாது. பழைய ஸ்டூடியோ படத்தைப் பார்த்து "மாசு மருவற்ற முகம்" என்று யாராவது எழுதினால் அது என் பென்சிலைப் பற்றிய வருணனை.

ராதா மதுரை | பிப்ரவரி 7, இரவு 8.20

எனக்கு ஒரு கேள்வி. நாவலில் வேறு யாருக்கெல்லாம் நிறம் சொல்லியிருக்கிறீர்கள்? உப்பள முதலாளி, கணக்குப்பிள்ளை, டாக்டர் எல்லாருக்கும் உண்டா? இல்லை, மாரிக்கனிக்கு மட்டுமா?

கேட்கக் காரணம் இருக்கிறது. எனக்கு முகத்தில் வெண்புள்ளி, பதினாறு வயதிலிருந்து. கதைகளில் என்னைப் போன்ற முகம் வந்தால் உடனே அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும். சாபம், ரகசியம், இல்லையென்றால் வில்லி. தழும்பும் அப்படித்தான். அந்த வெட்டுத் தழும்பை நீங்கள் எதற்காக எழுதினீர்கள்? அவள் வாழ்க்கையில் யாரோ அடித்தார்கள் என்று வாசகர் நினைக்கவா?

நெய்தல்கனி | பிப்ரவரி 7, இரவு 9.02

தேடிப் பார்த்தேன். மாரிக்கனிக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் மட்டும் நிறம் சொல்லியிருக்கிறேன். முதலாளிக்கு மோதிரம் மட்டும்.

தழும்பு படத்தில் இருந்தது, எழுதினேன். ஆனால் ஆமாம், வாசகர் அப்படித்தான் நினைப்பார்.

அங்கமச்சம் | பிப்ரவரி 8, காலை 6.50

இருப்பதை எழுதினால் அநியாயமா? தழும்பை மறைத்தால்தான் அநியாயம். ஸ்டூடியோக்காரர் பென்சிலால் செய்ததை இவர் பேனாவால் செய்யச் சொல்கிறீர்கள்.

ராதா மதுரை | பிப்ரவரி 8, காலை 9.15

மறைக்கச் சொல்லவில்லை சார். என்னை முதல் தடவை பார்க்கிறவர் புள்ளியைத்தான் பார்க்கிறார், சரி. பத்தாம் தடவை பார்க்கிறவர் நான் பேசும்போது பல்லைக் கடிப்பதைப் பார்க்கிறார். என் தங்கைக்கு என் புள்ளி எந்தக் கன்னத்தில் பெரிது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். அது யார் கண்ணுக்குத் தெரிகிறது, எப்போது தெரிகிறது என்பதுதான் என் கேள்வி.

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 8, மாலை 5.30

அந்தப் படத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்கக்கூடிய ஒன்றை வைத்துப் பேசினால் எனக்குச் சொல்ல வரும். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங் எடுத்த படம். "மைக்ரண்ட் மதர்" என்று தேடினால் வரும். அரசாங்க வேலையாக எடுத்தது, காப்புரிமைத் தொல்லை கிடையாது. (குமார் தம்பி நிம்மதியாக இருக்கலாம்.)

நடுவில் ஒரு பெண், ஒரு கை முகத்தைத் தொட்டபடி. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவர் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. இந்த அம்மாளுக்கு என்ன வயது சொல்வீர்கள்?

உப்பளத்தான் | பிப்ரவரி 8, மாலை 6.10

நாற்பத்தைந்து.

குமார் 77 | பிப்ரவரி 8, மாலை 6.12

அம்பது.

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 8, மாலை 6.45

32. பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். லாங் வயதைக் கேட்டார், பெயரைக் கேட்கவில்லை. 1978ல்தான் உலகத்துக்குப் பெயர் தெரிந்தது. ஒக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண். அதுவரை பார்த்தவர்கள் எல்லாம் அவரை ஐரோப்பிய வம்சாவளி ஏழை விவசாயி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதிவைத்தார். எங்களிடம் விற்க டயரே இல்லை என்று பிற்பாடு மகன் மறுத்தார். வயது, இனம், டயர் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னதிலும் சரி, எடுத்தவர் எழுதிவைத்ததிலும் சரி, எவ்வளவு தவறு பாருங்கள். படத்தில் உள்ளதில் தவறு கிடையாது. அதிலும் ஒரு விஷயம்: முன்னால் இருக்கும் கம்பத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒன்றை லாங் பின்னால் அழிக்கச் செய்தார். உற்றுப் பார்த்தால் மங்கலாக இன்னும் தெரியும்.

அதே இடத்தில் எடுத்த மற்றப் படங்களும் இருக்கின்றன. தள்ளி நின்று எடுத்ததில் கூடாரம், சாமான், இன்னொரு பெரிய பெண் எல்லாம் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போய் எடுத்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த படம். மற்றவற்றைப் பார்த்தால் இந்த ஒரு முகபாவம் எத்தனையில் ஒன்று என்று புரியும்.

நெய்தல்கனி | பிப்ரவரி 9, இரவு 11.05

முயற்சி செய்தேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும்:

"அவள் முகவாயைத் தாங்கவில்லை, விரல் நுனிகள் கன்னத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தன. ஸ்வெட்டர் கை நைந்து நூல் தொங்கியது. புருவங்கள் நடுவில் நெருங்கி நெற்றியை மடித்திருந்தன. படம் எடுப்பவரைப் பார்க்காமல் எங்கோ பக்கவாட்டில் பார்த்தாள். பிள்ளைகளின் பாரம் இரண்டு தோளிலும் இருந்தது, அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை."

கடைசி வரிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மூக்கு, உதடு, காது எதையும் சொல்லவில்லை. ஆனால் படம் பார்க்காதவருக்கும் ஏதோ தெரியும் என்று நினைக்கிறேன்.

அங்கமச்சம் | பிப்ரவரி 10, காலை 7.00

இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

நெய்தல்கனி | பிப்ரவரி 10, காலை 7.40

கண்டுபிடிக்க வேண்டாமே! பெர்த்தியோனிடம் தேடுகிற ஆள் இருந்தார், சொற்களை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் வாசகருக்கு எதிரில் யாரும் இல்லை. மூக்கை நினைவில் வைத்து, அதில் உதட்டை ஒட்டி, அதில் காதை ஒட்டி அவர் முகம் செய்யப்போவதில்லை. மூன்றாவது உறுப்பு வருவதற்குள் முதலாவது மறந்துவிடும். உளவியலில் இதற்குப் பக்கத்தில் ஒரு சோதனை உண்டு. 1990ல் வெளியானது. ஒரு முகத்தைக் காட்டி அதைச் சொற்களில் வருணிக்கச் சொன்னால், அப்படிச் செய்தவர்கள் அதே முகத்தைப் பிறகு அடையாளம் காட்டுவதில் சும்மா இருந்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். முகமும் சொல்லும் அவ்வளவு ஒத்துப்போவதில்லை.

அங்கமச்சம் | பிப்ரவரி 10, காலை 8.10

சோதனை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு காதாவது போடுங்கள். 80களில் நாற்பது வயது என்றால் பாம்படம் போட்ட பாட்டியின் காதைப் பார்த்து வளர்ந்தவள். அவள் காது வளர்க்காத காது. அது ஒரு தலைமுறையைச் சொல்லும்.

உப்பளத்தான் | பிப்ரவரி 10, மதியம் 12.30

அண்ணாச்சி சொன்னதில் இந்தக் காது நல்லா இருக்கு.

அக்கா, எங்கம்மா அளத்தில் வேலை பார்த்தவர்கள். நீங்கள் படத்தில் தேடுவது படத்தில் கிடைக்காது. உப்பு வெள்ளை, கீழே தண்ணீர், மேலே வெயில். வெளிச்சம் மேலிருந்து மட்டும் வராது, கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். தலையில் துணி கட்டினாலும் கண்ணுக்கு மறைப்பு கிடையாது. எந்நேரமும் கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயசிலேயே கண்ணோரத்தில் மடிப்பு விழுந்துவிடும். மடிப்புக்குள் வெயில் போகாது. அதனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்து கண் தளரும்போது, அந்த ஓரத்தில் மட்டும் விசிறி மாதிரி வெளுத்த கோடுகள் தெரியும். அம்மா ஓய்வாக இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் எங்களுக்கு அடையாளம். காசு கேட்க நல்ல நேரம்.

சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. கால் எப்போதும் வெடித்திருக்கும், ராத்திரி எண்ணெய் போடுவார்கள்.

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 10, மதியம் 2.00

கீழிருந்து வெளிச்சம் என்றால் கண்குழியில் நிழலே விழாது. முகவாய்க்கு அடியிலும் நிழல் இருக்காது. நாங்கள் மடியில் வெள்ளைத் துணி விரித்துவைத்து அதைத்தான் செய்வோம். அளத்தில் நிற்கும் ஆளுக்கு உச்சி வெயிலிலும் முகம் முழுக்க வெளிச்சம் இருக்கும். கண்காட்சிப் படத்தில் கண் இருட்டு என்றால் அது உப்பளத்தில் எடுத்தது அல்ல. கருமண் தரையோ தார் ரோடோ. அந்த இருட்டைக் கொண்டுபோய் மாரிக்கனியின் கண்ணில் வைக்காதீர்கள்.

நெய்தல்கனி | பிப்ரவரி 11, இரவு 10.50

இதற்கு அப்புறம் பேசாமல் எழுத உட்கார்ந்தேன். புதுக் கணக்குப்பிள்ளை முதல் நாள் அவளைப் பார்ப்பதாக வைத்திருக்கிறேன்:

"பெயரைக் கேட்டதும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, அவன் தோளுக்குப் பின்னால் யாரோ வருவதைப் பார்க்கிறவள் போல நின்று, 'மாரிக்கனி' என்றாள். சொல்லிவிட்டு விரல் நுனியால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது. ஆண்பிள்ளைச் சட்டையின் கை மணிக்கட்டுக்குக் கீழே இறங்கி வெட்டப்படாமல் மடிக்கப்பட்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும் என்று நினைத்து நோட்டில் ஐம்பது என்று எழுதினான். 'முப்பத்தொன்பது' என்றாள் அவள், எழுத்தைத் தலைகீழாகப் படித்து."

நாவலில் வேறு ஒரு இடத்தில், அவள் மகளின் பார்வையில், ராத்திரி, கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, கண்ணோர வெள்ளைக் கோடுகள் வரும். உப்பளத்தான் தம்பி அனுமதித்தால்.

கண்காட்சிப் படத்திலிருந்து எடுத்தது தலை திரும்பியிருந்த கோணமும் விரலும் மட்டும். விரலைச் செய்யச் சொன்னது லாங் படமா கண்காட்சிப் படமா என்று எனக்கே இப்போது குழம்புகிறது. நிறம் எடுத்துவிட்டேன், டிரைவருக்கும் சேர்த்து. முதலாளிக்கு மோதிரம் அப்படியே இருக்கிறது, அவருக்கு முகம் எழுத எனக்கு விருப்பமில்லை.

உப்பளத்தான் | பிப்ரவரி 11, இரவு 11.02

எடுத்துக்கோங்க அக்கா. காசு கேட்கும் இடத்தையும் சேர்த்து.

ராதா மதுரை | பிப்ரவரி 12, காலை 8.40

வயதைத் தப்பாக எழுதுவது கணக்குப்பிள்ளையின் கண். நன்றாக இருக்கிறது, தவறும் அவன் கணக்கில் போய்விடுகிறது. நிறத்தை எடுத்தது பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எல்லாருக்கும் எடுத்துவிட்டால், வாசகர் அவரவர் பார்த்த சினிமாவில் இருந்து ஒரு நிறத்தைப் பூசிக்கொள்வார். அது மாரிக்கனியின் நிறமாக இருக்காது. முதலாளிக்கும் சேர்த்து எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம்.

தழும்பு என்ன ஆயிற்று?

நெய்தல்கனி | பிப்ரவரி 12, காலை 9.25

எடுத்துவிட்டேன். அது அந்த அம்மாவுடையது. யாராவது அவர் பக்கத்து வீட்டுக்காரர் நாவலைப் படித்து, மேலுதட்டில் தழும்பு என்றதும் அவரை நினைத்து, கதையில் மாரிக்கனிக்கு நடப்பதெல்லாம் அவருக்கு நடந்ததாக நினைத்தால்? விரல் யாருக்கும் வரும், தழும்பு அப்படியில்லை.

அங்கமச்சம் | பிப்ரவரி 12, காலை 9.50

அப்படியானால் தாம்சன் அம்மாளின் படத்தை வைத்து இங்கே இத்தனை பேர் பேசியது மட்டும் சரியா? அவரிடமும் யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுத்திருக்கவே வேண்டாம் என்று அவரே பின்னால் சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 12, மாலை 4.15

சொன்னார். பெயர் வெளியே வந்ததும் அந்த மனக்குறையோடுதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்டூடியோவை மூடும்போது வாங்காமல் போன படங்கள் இரண்டு பெட்டி இருந்தன, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தாளர் கேட்டார், தரவில்லை. தந்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும்.

குமார் 77 | பிப்ரவரி 12, மாலை 5.05

ஐயா, 1992ல் கும்பகோணத்தில் எங்கள் குடும்பப் படம் ஒன்று எடுத்தோம், மகாமகத்துக்கு வந்தபோது. வாங்கவே இல்லை. பெரிய தெருவில் உங்கள் ஸ்டூடியோவா?

பழைய ஸ்டூடியோ | பிப்ரவரி 12, மாலை 5.40

அந்தத் தெருவில் மூன்று ஸ்டூடியோ. ரசீது எண் இருந்தால் தனிமடலில் அனுப்புங்கள், பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.